மார்ச் 10 இன்டர்வியூவுக்கு நேரம் கேட்கிறார்கள்: சியாட்டிலுக்கும் நமக்கும் பதின்மூன்றரை மணியா, பன்னிரண்டரையா?

வேணி, தண்டையார்பேட்டை · 26 பிப்ரவரி 2026, வியாழன், காலை 7:40

சியாட்டிலில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.எஸ். படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று விடியற்காலை 3:10க்கு அங்கிருக்கும் அட்மிஷன் ஆபீசர் மெயில் அனுப்பியிருக்கிறார். மார்ச் 9 தொடங்கும் வாரத்தில், திங்கள் முதல் வியாழனுக்குள், அவர்கள் நேரப்படி காலை 9 முதல் மாலை 4 வரைக்குள் அரை மணி நேர இன்டர்வியூ. எனக்குத் தோதான மூன்று நேரங்களை நானே எழுதி அனுப்ப வேண்டுமாம்.

போனில் உலகக் கடிகாரத்தைத் திறந்து பார்த்தேன். சியாட்டில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதை வைத்துப் போட்ட கணக்கு இது:

முதலாவது, செவ்வாய் இரவு 10:30. அவர்களுக்குச் செவ்வாய் காலை 9.
இரண்டாவது, புதன் இரவு 12 மணி. அவர்களுக்குச் செவ்வாய் காலை 10:30.
மூன்றாவது, வியாழன் விடியற்காலை 5 மணி. அவர்களுக்குப் புதன் பிற்பகல் 3:30.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டே அறை. பாட்டி, அம்மா, அப்பா, தம்பி, நான். ஒன்பதரை வரை டி.வி. ஓடும். பத்து மணிக்கு மேல் எல்லோரும் படுத்துவிடுவார்கள், ஆனால் தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஹாரன் நிற்காது. அப்பா காசிமேட்டு ஏலத்துக்கு மூன்றரைக்கே கிளம்புவார், அதனால் அப்போது வீடே முழித்துக்கொள்ளும். ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். இதையெல்லாம் பார்த்துத்தான் இந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கு சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். இன்று ராத்திரியே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

கார்த்திக், வியாசர்பாடி · 26 பிப்ரவரி, காலை 8:15

ஸ்லாட் கிடைப்பது இப்போது ரொம்பக் கஷ்டம். நான் மூன்று வாரமாக ராத்திரி ராத்திரி கண் விழித்து இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சென்னையில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உங்களுக்கு மூன்று கிடைத்ததா? ஐதராபாத் துணைத் தூதரகத்தில் முயற்சி செய்தீர்களா?

வேணி, தண்டையார்பேட்டை · 26 பிப்ரவரி, காலை 8:22

இது விசா இன்டர்வியூ இல்லை, கார்த்திக். சீட் கொடுப்பதற்கு முன்னால் பல்கலைக்கழகமே வீடியோவில் பேசிப் பார்ப்பது. நேரத்தை நான்தான் முன்மொழிய வேண்டும். விசாவெல்லாம் சீட் கிடைத்த பிறகு.

சரவணன், பெரம்பூர் · 26 பிப்ரவரி, காலை 9:05

வேணி, உங்கள் கணக்கு தப்பு. என் அண்ணன் சான் ஓசேயில் இருக்கிறான், சியாட்டிலும் அதே நேரம்தான். வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். அவன் அங்கே போன நாளிலிருந்து நான் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்வேன், அப்போது அவனுக்குக் காலை ஒன்பது. இதில் சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, நீங்கள் எதற்கு அவர்கள் நேரத்துக்கு மாற்றிக் கஷ்டப்படுகிறீர்கள்? IST என்று போட்டு நம்ம நேரத்தை அனுப்பிவிடுங்கள். மாற்றிக்கொள்வது அவர்கள் வேலை.

வேணி, தண்டையார்பேட்டை · 26 பிப்ரவரி, காலை 9:20

போனில் இப்போதும் பதின்மூன்றரை என்றுதான் காட்டுகிறது, சரவணன். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

ஹார்பர் சேகர் · 26 பிப்ரவரி, பகல் 1:10

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நான் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் 19 வருஷமாக வேலை செய்கிறேன். எந்தக் கப்பல் எந்த ஊர் நேரத்தில் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேணி, உன் போன் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு வித்தியாசம் பதின்மூன்றரைதான். ஆனால் உனக்கு வேண்டியது இன்றைய வித்தியாசம் இல்லையேம்மா, மார்ச் 10ஆம் தேதியின் வித்தியாசம். நடுவில் மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு விடியற்காலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். 2007லிருந்து இதுதான் அங்கே விதி. சியாட்டிலில் அது நடக்கும்போது நமக்கு ஞாயிறு மதியம் மூன்றரை. அந்த நிமிஷத்திலிருந்து வித்தியாசம் பன்னிரண்டரையாகிவிடும், நவம்பர் முதல் ஞாயிறு வரை அப்படியே இருக்கும்.

சரவணன் தம்பி சொன்ன பன்னிரண்டரை மார்ச் 10க்குச் சரி, சொன்ன காரணம் சரியில்லை. தம்பி, உன் அண்ணன் அங்கே எப்போது போனான்?

சரவணன், பெரம்பூர் · 26 பிப்ரவரி, பகல் 1:32

போன வருஷம் மே மாதம். ஆமாம், நவம்பருக்கு அப்புறம் அவன் "இன்னும் எட்டுதான் ஆகுது, இப்பத்தான் எந்திரிச்சேன்" என்று சொல்ல ஆரம்பித்தான். வேலை நேரத்தை மாற்றிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஹார்பர் சேகர் · 26 பிப்ரவரி, பகல் 1:50

அதேதான் விஷயம். நாம் கடிகாரத்தைத் தொடுவதில்லை, அதனால் நமக்கு இது உறைப்பதில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கேயும் கொஞ்ச காலம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள்.

இப்போது உன் மூன்று நேரத்தையும் பார்ப்போம், வேணி. நான் எப்போதும் நேராக ஊருக்கு ஊர் கழிக்க மாட்டேன், நடுவில் உலகப் பொது நேரமான UTC வழியாகத்தான் போவேன். நம்ம நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் UTC. அதில் அந்தத் தேதிக்குச் சியாட்டிலுக்கு உரியதைக் கழிக்க வேண்டும். மார்ச் 8 காலைவரை 8 மணி, அப்புறம் 7. இரண்டு படியாகப் போட்டால் எந்தப் படியில் தப்பு வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். மொத்தமாகப் பதின்மூன்றரை என்று கழித்தால் தப்பு ஒளிந்துகொள்ளும்.

செவ்வாய் இரவு 10:30ஐ எடுத்துக்கொள். ஐந்தரை போனால் மாலை 5 UTC. ஏழு போனால் காலை 10. நீ 9 என்று எழுதியிருக்கிறாய். இப்படியே அனுப்பினால் அந்த ஆபீசர் அவர் கடிகாரத்தில் 9 மணிக்கு வந்து உட்காருவார். நமக்கு அப்போது ஒன்பதரை, உன் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். நீ பத்தரைக்குப் போய் லிங்கை அழுத்தும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது இன்னும் மோசம். வியாழன் விடியற்காலை 5 மணி, அதாவது புதன் இரவு 11:30 UTC. ஏழு கழித்தால் அவர்களுக்குப் புதன் மாலை 4:30. அவர் நாலு மணிக்குள் என்று சொல்லியிருக்கிறார், நீ கொடுக்கும் நேரம் ஆபீஸ் முடிந்த பிறகு விழுகிறது.

இரண்டாவதை விட்டேவிடு. "12 AM புதன்" என்று எழுதினால் செவ்வாய் முடிந்து புதன் பிறக்கும் நள்ளிரவா, புதன் முடிந்து வியாழன் பிறக்கும் நள்ளிரவா என்று பத்துப் பேரில் நாலு பேர் தடுமாறுவார்கள். எங்கள் ஆபீசில் 0000 என்றோ 2400 என்றோ எழுதவே மாட்டோம். 2359 அல்லது 0001. ஒரு நிமிஷம் தள்ளி எழுதினாலும் நாள் தெளிவாக இருக்கும்.

லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தால் இதைப் போட்டுப் பார். தேதியைக் கொடுத்தால் அந்தத் தேதிக்கு எது பொருந்துமோ அதை அதுவே எடுத்துக்கொள்ளும்:

```
TZ=Asia/Kolkata date -d 'TZ="America/Los_Angeles" 2026-03-10 10:00'
```

செவ்வாய் 22:30 என்று வர வேண்டும். சியாட்டிலுக்கும் `America/Los_Angeles` என்றுதான் போட வேண்டும், அமெரிக்காவின் மேற்குக் கரை முழுக்க ஒரே பெயர்.

வேணி, தண்டையார்பேட்டை · 26 பிப்ரவரி, பகல் 2:30

சேகர் அண்ணா, ரொம்ப நன்றி. போட்டுப் பார்த்தேன், 22:30 வந்தது. அதே கட்டளையில் தேதியை மட்டும் மார்ச் 3 என்று மாற்றினேன், 23:30 வந்தது. ராத்திரி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது.

மீனா, கொளத்தூர் · 26 பிப்ரவரி, மாலை 6:45

நான் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும்போது இரண்டு வருஷம் பட்டமேற்படிப்பு ஆபீசில் பகுதி நேர வேலை பார்த்தேன். மாணவர்கள் அனுப்பும் நேரங்களை அவுட்லுக்கில் ஏற்றுவதுதான் என் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

சரவணன் சொன்ன மாதிரி IST என்று மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். அயர்லாந்துக்காரர்களும் இஸ்ரேல்காரர்களும் அதே மூன்றெழுத்தைத்தான் போடுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது மெயில் பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். போட்டாலும் நம்ம அரை மணியில் கண்டிப்பாகத் தவறுவார். ஐந்து மணி நேரம் என்று நினைத்தவர்களையும் ஆறு என்று நினைத்தவர்களையும் நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் நேரம் முதலில், நம்ம நேரம் அதற்குக் கீழே. அவர் முதல் வரியை மட்டும் பார்த்துக் காலண்டரில் போட்டுக்கொள்ள முடிய வேண்டும். இரண்டாவது வரி உங்களுக்கான காவல். தப்பு இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, யாராவது ஒருவர் கண்ணில் படும்.

தேதியை 03/10 என்று எழுதாதீர்கள். அவர்களுக்கு அது மார்ச் 10, நமக்கு அக்டோபர் 3. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் சேருங்கள். கிழமை இருந்தால் நாள் மாறியிருப்பது உடனே தெரியும். நான் கேட்டு வாங்கிய வடிவம் இதுதான்:

```
Tue 10 March 2026, 10:00-10:30 AM PDT, UTC-7
= Tue 10 March 2026, 10:30-11:00 PM in Chennai, UTC+5:30
```

IST என்பதற்குப் பதில் ஊர்ப் பெயரைப் போட்டால் குழப்பமே இல்லை.

அப்புறம் ஒன்று. இன்டர்வியூவில் ஆபீசர் மட்டும் இருக்க மாட்டார், பெரும்பாலும் ஒரு பேராசிரியரும் இருப்பார். உங்கள் மூன்று நேரத்தையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் வரும். அதனால் மூன்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், இரண்டு நாளுக்காவது பரப்புங்கள். "இந்த மூன்றையும் மார்ச் 4 வரை வேறு எதற்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். தேதி போட்டுவிட்டால் அவர் அதற்குள் முடிக்கப் பார்ப்பார். எட்டு நேரம் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

ரஸியா, ராயபுரம் · 26 பிப்ரவரி, இரவு 10:50

தராவீஹ் முடிந்து வந்து இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கும் இதே வாரத்தில் அதே கரையிலிருந்து ஒரு இன்டர்வியூ இருக்கிறது. நோன்பு மாதம் என்பதால் எனக்கு ராத்திரி ஒன்பதரை, பத்து எல்லாம் சரிவராது. சஹருக்கு எப்படியும் மூன்றரைக்கே எழுந்துவிடுவோம். அதனால் விடியற்காலை 4 மணியைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் முழித்திருந்தாலும் என்னை மாடி அறையில் விட்டுவிடுவார்கள். சேகர் அண்ணா சொன்னபடி கணக்குப் போட்டேன். புதன் விடியற்காலை 4 மணி, செவ்வாய் இரவு 10:30 UTC, அவர்களுக்குச் செவ்வாய் பிற்பகல் 3:30. சரியா?

ஹார்பர் சேகர் · 26 பிப்ரவரி, இரவு 11:15

சரிதான் ரஸியா. நாலு மணிக்கு முடிந்துவிடும், அவர்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. அவர்களுக்கு எழுதும்போது செவ்வாய் என்று எழுது, உன் காலண்டரில் புதன் என்று போடு. நம்ம நள்ளிரவு அவர்களுக்குப் பகல் பதினொன்றரை. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே நாள், அதற்கு அப்புறம் நாம் ஒரு நாள் முன்னால். இந்த ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மீனா, கொளத்தூர் · 27 பிப்ரவரி, வெள்ளி, காலை 8:00

எனக்கு விடியற்காலை நாலு மணியில் உடன்பாடில்லை. அரை மணி நேரம் ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேச வேண்டும். ரஸியா நோன்பில் அந்த நேரத்துக்குப் பழகியிருக்கலாம், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அவர்கள் காலை 9 முதல் 11 வரை நமக்கு ஒன்பதரை முதல் பதினொன்றரை. அதற்குள்ளேயே மூன்று நேரம் கொடுக்கலாம்.

ரஸியா, ராயபுரம் · 27 பிப்ரவரி, காலை 8:40

மீனா அக்கா, மூன்றும் அவர்கள் காலை நேரமாகவே இருந்து பேராசிரியருக்குக் காலையில் வகுப்பு என்றால்? மூன்றுமே போய்விடும். ஒன்றாவது பிற்பகலில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீனா, கொளத்தூர் · 27 பிப்ரவரி, காலை 9:10

அதுவும் நியாயம்தான், அப்படி நடந்திருக்கிறது. ஆனாலும் நான் மாற மாட்டேன். மூன்றும் போனால் அவர்களே வேறு நேரம் கேட்பார்கள். அரைத் தூக்கத்தில் பேசி முடித்த இன்டர்வியூவை இன்னொரு முறை வைக்க மாட்டார்கள்.

வேணி, தண்டையார்பேட்டை · 27 பிப்ரவரி, பகல் 12:20

என் வீட்டில் மூன்றரையிலிருந்து சத்தம், அதனால் எனக்கு நாலு மணி முடியாது. செவ்வாய் காலை 10, புதன் காலை 10, வியாழன் காலை 10:30 என்று அவர்கள் நேரத்தில் கொடுக்கிறேன். நமக்கு இரவு 10:30, 10:30, 11. வீட்டு நிலைமையை மெயிலில் ஒரு வரி சொல்லலாமா? "வீட்டில் சத்தமாக இருக்கும், அதனால் இந்த நேரங்கள்" என்று.

சரவணன், பெரம்பூர் · 27 பிப்ரவரி, பகல் 12:45

வேண்டாம். பரிதாபம் தேடுகிற மாதிரி ஆகிவிடும்.

மீனா, கொளத்தூர் · 27 பிப்ரவரி, பகல் 1:00

காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அங்கே காலை பத்து என்றால் இங்கே இரவு பத்தரை என்பது அவர் கண்ணில் பட வேண்டும். இரண்டாவது வரியே அதைச் சொல்லிவிடும். எங்கள் ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு, "மாணவிக்கு நேரமாகிறது, அரை மணியில் முடித்துவிடலாம்" என்று பேராசிரியர்களிடம் சொல்வோம்.

ஹார்பர் சேகர் · 27 பிப்ரவரி, பகல் 1:20

நேற்று ராத்திரி அனுப்பாமல் இருந்தது நல்லது. இன்றைக்கு அனுப்பிவிடு. ஏழு, எட்டு மணிக்குள் அனுப்பினால் அவர்களுக்கு வெள்ளி காலை ஐந்தரை, ஆறரை. ஆபீஸ் திறக்கும்போது மேலாக இருக்கும். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவர்களுக்கு அது வெள்ளி ராத்திரி, திங்கள்தான் பார்ப்பார்கள், நமக்குப் பதில் திங்கள் நடு இரவுக்கு மேல். இந்தத் தூரத்தில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் சேர்ந்தால் ஒரு நாள் போச்சு. நடுவில் சனி, ஞாயிறு விழுந்தால் மூன்று நாள். அதனால்தான் முதல் மெயிலிலேயே திருப்பிக் கேட்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லாம் இருக்க வேண்டும்.

மார்ச் 9 திங்களைத் தவிர்த்ததும் நல்ல காரியம். கடிகாரம் மாறிய மறுநாள் அவர்களே தூக்கம் கெட்டு வருவார்கள்.

வேணி, தண்டையார்பேட்டை · 28 பிப்ரவரி, சனி, காலை 6:30

நேற்று இரவு 8 மணிக்கு அனுப்பினேன். நடு இரவு 1:05க்குப் பதில் வந்திருக்கிறது. "செவ்வாய் மார்ச் 10, 10 AM PST எங்களுக்குச் சரி" என்று எழுதியிருக்கிறார். நான் PDT என்றுதான் எழுதியிருந்தேன். அவர் PST என்கிறார். கூகுளில் 10 AM PST என்று போட்டால் நம்ம நேரம் இரவு 11:30 என்று வருகிறது. நான் கொடுத்தது 10:30. ஒரு மணி நேரம் தள்ளிவிட்டாரா?

சரவணன், பெரம்பூர் · 28 பிப்ரவரி, காலை 7:15

அவர் பதினொன்றரை என்று சொல்கிறார் என்றால் பதினொன்றரைதான். அவர் ஊர் நேரம் அவருக்குத் தெரியாதா?

ஹார்பர் சேகர் · 28 பிப்ரவரி, காலை 7:50

இல்லை தம்பி. அங்கே பெரும்பாலான பேர் வருஷம் முழுக்க PST என்றே எழுதுவார்கள், நாக்கில் பழகிப்போன பெயர். S என்பது குளிர்காலக் கடிகாரம், D என்பது கோடைக் கடிகாரம். கூகுள் அந்த எழுத்தை அப்படியே நம்பி, UTCயிலிருந்து 8 மணி பின்னால் என்று எடுத்துக்கொண்டது. அதனால் பதினொன்றரை காட்டுகிறது. அவர் மனதில் இருப்பது சுவரில் தொங்கும் கடிகாரத்தின் பத்து மணி. மார்ச் 10 அன்று அந்தக் கடிகாரம் பத்து அடிக்கும்போது நமக்குப் பத்தரை.

இது என் ஊகம்தான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. மீதி ஐந்துக்கு இரண்டு வேலை செய். ஒன்று, ஒற்றை வரிப் பதில். "நன்றி, சியாட்டிலில் காலை 10, சென்னையில் இரவு 10:30, செவ்வாய் மார்ச் 10 அன்று வந்துவிடுகிறேன்" என்று எழுது. உங்கள் எழுத்து தப்பு என்று திருத்த வேண்டாம். நம்ம மணியைச் சொல்லிவிட்டால் தப்பாக இருந்தால் அவரே சொல்வார். இரண்டாவது, காலண்டர் அழைப்பு வரும்வரை காத்திரு. அதோடு `.ics` கோப்பு ஒன்று வரும். அதை நோட்பேடில் திற. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பத்தரை:

```
DTSTART;TZID=America/Los_Angeles:20260310T100000
DTSTART:20260310T170000Z
```

Zக்கு முன்னால் 17 இருந்தால் UTC மாலை 5, நமக்குப் பத்தரை. 18 இருந்தால்தான் பதினொன்றரை. முதல் வரியில் Pacific Standard Time என்று பெயர் இருந்தாலும் பயப்படாதே, அவுட்லுக் அந்த ஊரின் முழு விதியையும் அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது 100000 என்ற எண்.

மீனா, கொளத்தூர் · 28 பிப்ரவரி, காலை 10:05

இது முழுக்கச் சரி. நானே இரண்டு வருஷம் தப்பான எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். எழுத்தே போடாமல் "பசிபிக் நேரம்" என்று எழுதினால் இந்தச் சிக்கல் வராது. அடுத்த முறை நாமும் அப்படியே எழுதலாம் என்று தோன்றுகிறது.

ஹார்பர் சேகர் · 28 பிப்ரவரி, காலை 10:30

எழுதலாம், கூடவே UTC-7 என்பதை விடாதே. அதில்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

வேணி, தண்டையார்பேட்டை · 4 மார்ச், புதன், காலை 6:50

நடு இரவு அழைப்பு வந்தது. `20260310T170000Z` என்று இருக்கிறது. போன் காலண்டரிலும் 10:30 PM செவ்வாய் என்று உட்கார்ந்துவிட்டது. என் ஒற்றை வரிக்கு "பர்ஃபெக்ட்" என்று பதில் போட்டிருந்தார்.

இடத்துக்கும் வழி கிடைத்துவிட்டது. புதுவண்ணாரப்பேட்டையில் சித்தி வீடு உள்தெருவில் இருக்கிறது, லாரிச் சத்தம் கிடையாது. ஒன்பது மணிக்கே போய்விடுவேன். கரன்ட் போனால் என்ன செய்வது என்று லேப்டாப் முழு சார்ஜில், போனில் ஹாட்ஸ்பாட் தயாராக வைத்திருக்கிறேன். தம்பி கூட வருவான், பதினொன்றரைக்குத் தனியாகத் திரும்ப வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ரஸியா, ராயபுரம் · 5 மார்ச், வியாழன், விடியற்காலை 4:35

எனக்கு நாலு மணியையே உறுதி செய்துவிட்டார்கள். நேரங்களைக் கொடுக்கும்போது காரணம் எதுவும் எழுதவில்லை. ஆனால் அவரே "அங்கே விடியற்காலையாக இருக்கிறதே, உண்மையிலேயே பரவாயில்லையா" என்று கேட்டிருந்தார். ரமலான் மாதம், அந்த நேரத்தில் விழித்திருப்போம் என்று எழுதினேன். "அப்படியானால் நாலே காலுக்குள் முடித்துவிடலாம், சாப்பிட நேரம் வேண்டுமே" என்று பதில் போட்டார். மனசு நிறைந்துவிட்டது.

வேணி, தண்டையார்பேட்டை · 11 மார்ச், புதன், காலை 7:15

நேற்று முடிந்தது. பத்து இருபதுக்கே லிங்கைத் திறந்து உட்கார்ந்தேன், பத்து முப்பத்தொன்றுக்கு அவர் வந்தார், பேராசிரியர் இரண்டு நிமிஷம் கழித்து வந்தார். எண்ணூர் கழிமுகத்தில் நான் எடுத்த தண்ணீர் மாதிரிகளைப் பற்றித்தான் பாதி நேரம் கேட்டார்கள். 11:02க்கு முடிந்தது. முடிவு ஏப்ரலில் சொல்வார்களாம்.

ஞாயிறு மதியம் மூன்றரைக்குப் போன் உலகக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன், சேகர் அண்ணா. நீங்கள் சொன்னபடியே பதின்மூன்றரை பன்னிரண்டரையாக மாறியது.

கார்த்திக், வியாசர்பாடி · 11 மார்ச், காலை 9:30

வாழ்த்துகள் வேணி. முதலில் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். இப்போது எனக்கே இதே கேள்வி வந்திருக்கிறது, ஆனால் லண்டன். மார்ச் 30 திங்கள் அல்லது 31 செவ்வாய், அவர்கள் நேரப்படி காலை 9 முதல் 12க்குள் என்று கேட்கிறார்கள். மார்ச் 8இல் ஏற்கெனவே மாறிவிட்டதால் இனி ஐந்தரை மணியிலேயே கழித்துக்கொள்ளலாம் இல்லையா?

ஹார்பர் சேகர் · 11 மார்ச், பகல் 1:05

இல்லை. மார்ச் 8 அமெரிக்காவுக்கு. இங்கிலாந்து மார்ச் கடைசி ஞாயிறுதான் மாற்றும், இந்த வருஷம் 29ஆம் தேதி. இன்றைக்கு லண்டனுக்கும் நமக்கும் ஐந்தரை, நீ கேட்கும் 30ஆம் தேதி நாலரை. அவர்கள் காலை 9 நமக்குப் பகல் ஒன்றரை. மூன்று நேரத்தையும் எழுதி இங்கே போடு, அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.